"என் ஆர்டர் எங்க?": ஒரே கேள்விக்கு நாள் முழுக்க டைப் பண்றீங்களா? வாட்ஸ்அப் 'குயிக் ரிப்ளை'யை எழுதுவது எப்படி?

"அக்கா, சேலை அனுப்பிட்டீங்களா?", "எப்ப வரும்?", "பணம் கட்டி மூணு நாள் ஆச்சு, பதிலே இல்ல?"

வீட்டில் இருந்தபடியே வாட்ஸ்அப்பில் பொருள் விற்பவர்களுக்கு இந்த மெசேஜ்கள் புதிதல்ல. தீபாவளி, பொங்கல் நேரத்தில் பேக்கிங் செய்வதா, பதில் சொல்வதா என்றே தெரியாது. இதற்காகத்தான் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் 'குயிக் ரிப்ளை' வசதி இருக்கிறது. ஆனால், "உங்க ஆர்டர் வந்துட்டு இருக்கு" என்று ஒரே ஒரு பதிலை சேமித்து எல்லோருக்கும் அனுப்பினால், கேள்வி குறையாது. சந்தேகம்தான் கூடும். அப்படியானால் எப்படி எழுதுவது? விரிவாகப் பார்ப்போம்.

குயிக் ரிப்ளை என்றால் என்ன?

அடிக்கடி அனுப்பும் பதிலை ஒருமுறை எழுதி, அதற்கு ஒரு சின்ன பெயர் வைத்து சேமிப்பதுதான் இது. செயலியில் Business tools பகுதிக்குள் Quick replies என்பதைத் திறந்து, புதிதாக சேர்க்கலாம். மொத்தம் 50 பதில்கள் வரை வைத்துக்கொள்ளலாம். பிறகு சாட்டில் / என்று டைப் செய்தாலே சேமித்த பெயர்கள் வரிசையாக வரும்.

ஒன்றை முக்கியமாக கவனிக்க வேண்டும். பெயரைத் தொட்டதும் பதில் டைப் செய்யும் இடத்தில் வந்து நிற்கும், தானாகப் போய்விடாது. அதாவது தேதி, டிராக்கிங் நம்பர் போன்றவற்றை மாற்றிவிட்டு அனுப்ப நேரம் இருக்கிறது. இந்த வசதியின் பலமே இதுதான்.

எத்தனை பதில்கள் தேவை?

சின்னாளப்பட்டியில் இருந்து சுங்குடி சேலை விற்கும் ஒரு பெண்ணை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை சென்னையில் இருந்து ஆர்டர் வருகிறது, பணமும் வந்துவிடுகிறது. வியாழக்கிழமை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறார். சென்னைக்கு வழக்கமாக இரண்டு, மூன்று நாளில் போய்விடும் என்பது அவர் அனுபவம்.

இதில் வாடிக்கையாளர் புதன்கிழமை "எங்க?" என்று கேட்பதும், திங்கட்கிழமை கேட்பதும் ஒரே கேள்வி அல்ல. முதல் கேள்விக்கு அர்த்தம், "என் பணம் வந்து சேர்ந்ததா?". இரண்டாவது கேள்விக்கு அர்த்தம், "பார்சல் தொலைந்துவிட்டதா?". அதனால் ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கு ஒன்று என, குறைந்தது மூன்று பதில்கள் வேண்டும்.

இன்னும் அனுப்பவில்லை என்றால், /pack:

"வணக்கம்ங்க. பணம் வந்துடுச்சு, உங்க சேலை பேக்கிங்ல இருக்கு. ### கிழமை போஸ்ட் ஆபீஸ்ல குடுத்துடுவோம். அன்னிக்கு சாயங்காலம் 6 மணிக்குள்ள டிராக்கிங் நம்பர் இதே சாட்ல வரும்."

அனுப்பியாச்சு என்றால், /track:

"வணக்கம்ங்க. உங்க சேலை இன்னிக்கு ஸ்பீடு போஸ்ட்ல புக் ஆயிடுச்சு. நம்பர்: ###. இந்தியா போஸ்ட் வெப்சைட்ல போட்டுப் பார்க்கலாம். விவரம் காட்ட ஒரு நாள் ஆகலாம். ### கிழமைக்குள்ள கைக்கு வரலைன்னா சொல்லுங்க, நாங்க விசாரிக்கிறோம்."

தாமதம் என்றால், /late:

"வணக்கம்ங்க. உங்க பார்சல் ### தேதிக்கு அப்புறம் ### ஊர்லயே நிக்குது. இன்னிக்கு போஸ்ட் ஆபீஸ்ல கேட்கிறோம். என்ன சொன்னாங்கன்னு நாளைக்கு மதியம் 1 மணிக்குள்ள நாங்களே சொல்றோம்."

இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பது என்ன? பொருள் இப்போது எங்கே, அடுத்து என்ன நடக்கும், அடுத்த தகவல் எப்போது வரும். இதில் மூன்றாவதை விட்டுவிட்டால்தான் அதே ஆள் இரண்டு மணி நேரத்தில் மறுபடி "எங்க?" என்று கேட்பார். "சீக்கிரம் வரும்" என்பதை ஒருவர் நாளைக்கு என்றும், இன்னொருவர் அடுத்த வாரம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"விவரம் காட்ட ஒரு நாள் ஆகலாம்" என்ற வரி எதற்கு?

ஸ்பீடு போஸ்ட் ரசீதில் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது எண், கடைசியில் IN என்று 13 இடங்கள் கொண்ட நம்பர் இருக்கும். புக் செய்த உடனே அதை வெப்சைட்டில் போட்டால், சில நேரம் எந்த விவரமும் வராது. கணினியில் பதிவு ஏறிய பிறகுதான் தெரியும். இது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. "போலி நம்பர் குடுத்து ஏமாத்துறாங்க" என்ற சண்டை பல இடங்களில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த ஒரு வரி அதைத் தவிர்த்துவிடும்.

எங்கே சொதப்பும்?

முதலாவது, ### குறியை நிரப்பாமல் அனுப்புவது. கோடு அல்லது புள்ளி போட்டு வைத்தால் அவசரத்தில் கண்ணில் படாது. ### என்றால் உறுத்தும், அதற்காகத்தான் அது. பழைய நம்பரை பதிலுக்குள்ளேயே சேமித்து வைப்பது இதைவிட மோசம். ஒருவருடைய டிராக்கிங் நம்பர் இன்னொருவருக்குப் போய்விடும்.

இரண்டாவது, 'அக்கா', 'சார்', 'மேடம்' என்று சேமித்து வைப்பது. குயிக் ரிப்ளைக்கு எதிரில் இருப்பது யார் என்று தெரியாது. சாருக்கு 'மேடம்' போனால், படிக்காமலே பதில் போட்டது அம்பலமாகிவிடும். 'வணக்கம்ங்க' என்று பொதுவாக வைத்து, தெரிந்தவர் என்றால் பெயரை அப்போது சேர்க்கலாம்.

மூன்றாவது, தாமதத்தை பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பி, எல்லோருக்கும் சொல்லியாச்சு என்று நினைப்பது. உங்கள் நம்பரை போனில் சேவ் செய்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும். முதல்முறை வாங்கியவர் பெரும்பாலும் சேவ் செய்திருக்க மாட்டார். பதற்றம் அதிகம் இருப்பதும் அவருக்குத்தான்.

போலி லிங்க்: ஜாக்கிரதை

"முகவரி சரியில்லை, பார்சல் நிற்கிறது, லிங்க்கில் சிறு தொகை கட்டுங்கள்" என்று இந்தியா போஸ்ட் பெயரில் மோசடி மெசேஜ்கள் வருகின்றன. பார்சலுக்காகக் காத்திருப்பவர் இதில் எளிதாக விழுந்துவிடுவார். அதனால் /track பதிலில் சுருக்கிய லிங்க் எதையும் வைக்காமல் நம்பரை மட்டும் கொடுப்பது நல்லது. "பார்சலுக்குன்னு பணம் கேட்டு லிங்க் வந்தா தொடாதீங்க, எங்களைக் கேளுங்க" என்ற வரியையும் சேர்க்கலாம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

எப்போது சேமித்த பதில் கூடாது?

'டெலிவரி ஆனது' என்று வெப்சைட் காட்டுகிறது, ஆனால் கைக்கு வரவில்லை என்று வாடிக்கையாளர் சொல்கிறார். இங்கே /track அனுப்பினால் எரிகிற தீயில் எண்ணெய்தான். பக்கத்து வீட்டில், வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறார்களா என்று போனில் கேட்டுவிட்டு, விற்பவரே தபால் நிலையத்தில் புகார் கொடுப்பது நல்லது. புக் செய்த ரசீது அவரிடம்தானே இருக்கிறது. கிழிந்த சேலை, மாறிப்போன நிறம், பணம் திரும்பக் கேட்பது போன்றவற்றுக்கும் கையால் எழுதிய பதில்தான் சரி.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பதில் போன பிறகும் அதே ஆர்டருக்கு மறுபடி கேட்டவர்கள் யார் என்று வாரம் ஒருமுறை பாருங்கள். /pack அனுப்பியும் கேட்கிறார்கள் என்றால், பெரும்பாலும் கிழமை விடுபட்டிருக்கும், அல்லது சொன்ன 6 மணிக்கு நம்பர் போயிருக்காது. முதலாவதுக்கு பதிலைத் திருத்தினால் போதும். இரண்டாவதுக்கு, காப்பாற்ற முடிகிற நேரத்தை மட்டும் எழுத வேண்டும்.

சின்னாளப்பட்டி உதாரணத்தில், வியாழக்கிழமை புக் செய்துவிட்டு வெளியே வந்ததுமே, யாரும் கேட்காமலே /track அனுப்பிவிட்டால் போதும். சென்னையில் இருப்பவர் வெள்ளிக்கிழமை "எங்க?" என்று கேட்க வேண்டிய தேவையே இருக்காது.