ஏரிக் களிமண்ணும் இரண்டு நொடி ஆட்டமும்

1985 செப்டம்பர் 19 காலை 7.17-க்கு மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் 8.0 அளவில் நிலம் நடுங்கியது. அந்த இடத்திலிருந்து தலைநகரான மெக்சிகோ சிட்டி 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இவ்வளவு தூரம் வருவதற்குள் அதிர்வு தேய்ந்துபோக வேண்டும். தேயவும் செய்தது. நகரின் தெற்கில், எரிமலைக் குழம்பு உறைந்த பாறைமேல் நிற்கும் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த கருவி, புவியீர்ப்பு முடுக்கத்தில் 3, 4 சதவீத ஆட்டத்தைத்தான் பதிவு செய்தது. அங்கே பெரிய சேதம் எதுவும் இல்லை.

அங்கிருந்து 10 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், போக்குவரத்து அமைச்சக வளாகத்தில் இன்னொரு கருவி இருந்தது. அதில் பதிவான உச்ச ஆட்டம் 17 சதவீதம். நடுக்கம் பிறந்த கரையோரத்துப் பாறையிலேயே ஏறத்தாழ 15 சதவீதம்தான் பதிவானது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து களைத்த அலை, பிறந்த இடத்தில் இருந்த வலுவைத் தலைநகரின் ஒரு பகுதியில் மட்டும் திரும்பப் பெற்றுவிட்டது. நூற்றுக்கணக்கான கட்டடங்கள் இடிந்தன. ஏறத்தாழ 10,000 பேர் இறந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள்.

இரண்டு கருவிகளுக்கும் இடையில் மாறியது தரைக்கு அடியில் உள்ள மண் மட்டுமே. மெக்சிகோ சிட்டியின் மையப்பகுதி டெஸ்கோகோ என்ற ஏரியின் படுகைமேல் கட்டப்பட்டது. ஏரி வற்றிவிட்டது, அதன் அடியில் படிந்த களிமண் அப்படியே இருக்கிறது. எரிமலைச் சாம்பல் கலந்த இந்தக் களிமண்ணில் 100 கிராம் உலர்ந்த மண்ணுக்கு 300 கிராமுக்கு மேலும் தண்ணீர் இருக்கும் இடங்கள் உண்டு.

நிலநடுக்கத்தில் கட்டடங்களை அதிகம் வதைப்பது குறுக்கலை. இது மேல்நோக்கிப் போகும்போது மண்ணைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டே போகும். பக்கவாட்டில் தள்ளினால் மண் எவ்வளவு விறைப்பாக எதிர்த்து நிற்கிறதோ, அந்த அளவுக்கு அலை வேகமாகப் பாயும். கெட்டியான பாறையில் நொடிக்கு 1,000 மீட்டருக்கு மேல் ஓடும். இறுகிய மண்ணில் சில நூறு மீட்டர். மெக்சிகோவின் ஏரிக் களிமண்ணில் வெறும் 75 மீட்டர் அளவுதான். நெடுஞ்சாலையில் போகும் கார் இதில் பாதி வேகத்தை எட்டிவிடும்.

வேகம் குறைந்தால் அலைக்கு என்ன ஆகும்? கீழிருந்து நொடிக்கு நொடி வந்துகொண்டிருக்கும் ஆற்றல் எங்கும் மறைந்துவிடாது. மெதுவாக நகரும் மண்ணில் அதே ஆற்றல் நெருக்கிப் பிடிக்கப்படுகிறது. அதைச் சுமக்க மண் முன்பைவிட அகலமாக ஆட வேண்டியிருக்கிறது. பாறைக்கும் மண்ணுக்கும் வேகத்தில் உள்ள இடைவெளி எவ்வளவு பெரிதோ, ஆட்டமும் அவ்வளவு பெருகும். ஆனால் இது மட்டுமே மெக்சிகோவில் நடந்ததை விளக்காது.

அமைச்சக வளாகத்தின் அடியில் களிமண் சுமார் 38 மீட்டர் தடிமன். வேகத்தை நொடிக்கு 76 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அடியிலிருந்து தரைமட்டம் வர அரை நொடி. தரைமட்டத்தில் மோதித் திரும்பி அடிக்குப் போக இன்னொரு அரை நொடி. அடியில் இருக்கும் கெட்டித் தளத்தில் மோதும்போது அலை திசை மாறிவிடுகிறது: இடப்பக்கம் தள்ளியது இப்போது வலப்பக்கம் தள்ளும். ஆக, ஒரு நொடிக்குப் பிறகு எதிர்த்திசை அலை ஒன்று மறுபடி மேலே கிளம்புகிறது. கீழிருந்து வரும் ஆட்டம் இரண்டு நொடிக்கு ஒரு முறை போய்வருவதாக இருந்தால், அதுவும் சரியாக அதே கணத்தில் எதிர்த்திசைக்கு மாறியிருக்கும். இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஊஞ்சலை அதன் போக்குக்கு ஒத்துத் தள்ளுவதுபோல, ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டம் ஏறும். இதுதான் ஒத்ததிர்வு. கணக்கு எளிது: தடிமனை நான்கால் பெருக்கி வேகத்தால் வகுக்க வேண்டும். 38-ஐ 4-ஆல் பெருக்கினால் 152. அதை 76-ஆல் வகுத்தால் 2 நொடி. கருவி வரைந்த கோட்டிலும் இரண்டு நொடி அலைகள்தான் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நின்றன. அந்த அலைவு நேரத்தில் மட்டும் பார்த்தால், பல்கலைக்கழகப் பாறையைவிட இங்கே விளைவு கிட்டத்தட்ட பத்து மடங்கு.

கட்டடத்துக்கும் இப்படி ஒரு சொந்த அலைவு நேரம் உண்டு. மாடிக்குப் பத்தில் ஒரு நொடி என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. பத்து மாடிக்கு ஒரு நொடி ஆகிறது. அப்படியென்றால் இரண்டு நொடி ஆட்டத்தில் அது தப்பியிருக்க வேண்டுமே? தப்பவில்லை. முதல் சில ஆட்டங்களில் தூண்களும் உத்தரங்களும் விரிசல் விட்டன. விரிசல் விட்ட கட்டடம் தளர்ந்து இன்னும் மெதுவாக ஆடும். அலைவு நேரம் ஒரு நொடியிலிருந்து நீண்டு இரண்டை நோக்கிப் போகும். அடி வாங்க வாங்க அது ஒத்ததிர்வுக்குள் நடந்து போனது. 7 மாடி முதல் 18 மாடி வரையிலான கட்டடங்கள் கடுமையாக அடிபட, பக்கத்திலிருந்த பழைய ஒற்றை மாடி வீடுகளில் பெரும்பாலானவை நின்றன. 1956-இல் திறந்த 44 மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரமும் நின்றது.

மெக்சிகோக் களிமண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. சாதாரண மண்ணைப் பலமாக உலுக்கினால் அதன் விறைப்பு குறைந்து, துகள்கள் ஒன்றோடொன்று உரசி ஆற்றலில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். அதனால் சிறு நடுக்கத்தில் ஐந்து மடங்கு பெருக்கும் மண், பெரு நடுக்கத்தில் அவ்வளவு பெருக்குவதில்லை. இந்த ஏரிக் களிமண்ணோ பெரிய ஆட்டத்திலும் ரப்பர்போல் வளைந்து மீள்கிறது, விழுங்குவது மிகக் குறைவு. எனவே மெக்சிகோவின் எண்களை எடுத்து வேறு ஊர் மண்மேல் அப்படியே ஏற்றிவிடக் கூடாது.

இன்று ஓர் இடத்தின் மண்ணை அளக்க, தரையில் இரும்புத் தகடு வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். வரிசையாக நட்ட ஜியோபோன் கருவிகளில் அலை வந்து சேரும் விதத்திலிருந்து ஒவ்வொரு அடுக்கின் குறுக்கலை வேகத்தையும் கணிக்கிறார்கள். பின் மேல் 30 மீட்டரின் சராசரி வேகத்தைக் கண்டு, மண்ணுக்கு ஒரு வகை கொடுக்கிறார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க முறையில் நொடிக்கு 760 மீட்டருக்கு மேல் பாறை, 180-க்குக் கீழ் மென்மண். இந்தச் சராசரியை எடுப்பதில் ஒரு பிசகு வரும். முதல் 10 மீட்டரில் வேகம் 100, அடுத்த 20 மீட்டரில் 400 என்றால் சராசரி 300 அல்ல. அலைக்கு மேலடுக்கில் 0.1 நொடியும் கீழடுக்கில் 0.05 நொடியும் ஆகிறது; 30-ஐ 0.15-ஆல் வகுத்தால் 200 மீட்டர். மெல்லிய அடுக்குதான் கணக்கை இழுத்துக்கொண்டு போகிறது.

இந்த ஒற்றை எண்மேல் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. களிமண் 38 மீட்டர் இருந்தாலும் 60 மீட்டர் இருந்தாலும் மேல் 30 மீட்டரின் சராசரி ஒன்றுதான். ஆனால் ஒத்ததிர்வு நேரம் முதலாவதில் 2 நொடி, இரண்டாவதில் 3 நொடிக்கு மேல். வேறு வேறு உயரக் கட்டடங்களுக்கு ஆபத்து. 2017-இல், அதே செப்டம்பர் 19 அன்று, 7.1 அளவு நடுக்கம் சுமார் 120 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வந்தது. அருகிலிருந்து வந்ததால் அதில் குறுகிய நேர அலைகள் அதிகம். இம்முறை அடிபட்டது பெரும்பாலும் ஏரியின் மேற்கு ஓரம், களிமண் மெலிந்த பகுதி. விழுந்தவற்றில் பல பத்து மாடிக்கும் குறைவானவை.

அந்த நகரத்தின் கட்டட விதிகள் இதனால் ஒவ்வொரு இடத்தின் அலைவு நேரத்தையும் வரைபடமாக வைத்திருக்கின்றன. அந்த வரைபடமும் நிலையானது அல்ல. குடிநீருக்காக நிலத்தடி நீரை இறைக்க இறைக்கக் களிமண் அமுங்கி மெலிகிறது, இறுகவும் செய்கிறது. தடிமன் குறைந்து வேகம் கூடினால் அலைவு நேரம் குறையும். 1985-இல் 12 மாடிக்கு ஆபத்தாக இருந்த மனையில், சில பத்தாண்டுகள் கழித்து அதைவிடக் குட்டையான கட்டடங்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டியிருக்கும். ஆகவே அங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணை மறுபடி அளந்து வரைபடத்தைத் திருத்துகிறார்கள்.