கருவிழியே அளவுகோல்: ஒரு புருவத்தின் மில்லிமீட்டர் கணக்கு

நேராகப் பார்த்து எடுத்த ஒரு முகப் படத்தை வைத்து, இந்த முகத்துக்குப் புருவம் எங்கே தொடங்க வேண்டும், எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா? முடியும். படத்துக்குள்ளேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. வளர்ந்தவர்களின் கருவிழி, பக்கவாட்டில் அளந்தால், ஏறக்குறைய எல்லோருக்கும் 11.7 மி.மீ. அகலம். ஆளுக்கு ஆள் 11 முதல் 12.5 வரை போகலாம். அதற்குமேல் பெரிய வித்தியாசம் வராது. மேலும் கீழும் இமை மறைப்பதால் குறுக்கே மட்டும்தான் அளக்க வேண்டும்.

என் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் படத்தில் இதைச் செய்து பார்த்தேன். வயது 32, உருண்டை முகம், அடர்ந்த நேரான புருவம். படத்தைக் கம்ப்யூட்டரில் பெயிண்ட் மென்பொருளில் திறந்தால், மவுஸ் நிற்கும் இடத்தின் பிக்சல் எண் கீழே தெரியும். கருவிழியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை 52 பிக்சல். 11.7-ஐ 52-ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் 0.225 மி.மீ. இனி முகத்தில் எதையும் மில்லிமீட்டரில் படிக்கலாம். விளிம்பைக் குறிப்பதில் இரண்டு மூன்று பிக்சல் முன்னே பின்னே போகும் என்பதால், அரை மில்லிமீட்டருக்குக் குறைவான வித்தியாசத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் படம் எடுத்த தூரம் சரியாக இருந்தால்தான் இந்த எண்களுக்கு மதிப்பு. கையை நீட்டி 30 செ.மீ. தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், லென்ஸுக்கு அருகில் இருப்பவை பெரிதாகவும் தள்ளி இருப்பவை சிறிதாகவும் விழும். கன்ன எலும்பின் ஓரங்கள் கண்ணைவிட சுமார் 5 செ.மீ. பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 135 மி.மீ. அகலமுள்ள முகம் ஒன்றரை மீட்டரில் எடுத்த படத்தில் சுமார் 130 ஆகத் தெரியும், 30 செ.மீ. செல்ஃபியில் 116 ஆகச் சுருங்கிவிடும். நெற்றி முடி முதல் தாடை வரையிலான நீளமோ அவ்வளவு குறையாது. இந்தப் பெண்ணின் முகம் ஒன்றரை மீட்டர் படத்தில் 130-க்கு 169, அதாவது அகலத்தைப்போல் 1.3 மடங்கு நீளம். அதே முகம் செல்ஃபியில் 1.4 மடங்கு நீளமாகத் தெரியும். உருண்டை முகம் நீள்முகமாக மாறிவிடுகிறது. அதை நம்பிப் புருவத்தைத் திருத்தினால் ஷேப் தலைகீழாகப் போய்விடும். நீள்முகத்துக்குப் புருவத்தைத் தட்டையாக விடுவார்கள், உருண்டை முகத்துக்கு வளைவை உயர்த்துவார்கள்.

அதனால் இன்னொருவர் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, போனின் பின்பக்கக் கேமராவை அவள் கண் மட்டத்தில் பிடித்து, ஜூம் செய்து எடுத்தார். ப்யூட்டி மோடை அணைத்தாயிற்று. அது புருவ ஓர முடிகளை அழித்துவிடும். கேமரா கண் மட்டத்துக்குமேல் 10 டிகிரி சாய்ந்தாலே புருவம் கண்ணை நோக்கி 2 மி.மீ. அளவுக்கு இறங்கித் தெரியும். புருவ மேடு கண்ணைவிட முன்னால் இருப்பதுதான் காரணம்.

முதல் படத்தில் வலப்புருவம் இடதைவிட 2 மி.மீ. உயரமாக இருந்தது. கண்ணை மூடி, நெற்றியைத் தளரவிட்டு, மெல்லத் திறக்கச் சொல்லி இரண்டாவது படம் எடுத்தபோது அந்த வித்தியாசம் அரை மில்லிமீட்டராகிவிட்டது. போட்டோ என்றதும் அவள் ஒரு புருவத்தைத் தூக்கியிருந்திருக்கிறாள். முதல் படத்தை வைத்துச் சரிசெய்திருந்தால், இல்லாத கோணலை நாமே உண்டாக்கியிருப்போம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். புருவத்தின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கப் பார்லர்களில் சொல்லித்தரும் விதி, மூக்கு மடலின் ஓரத்தில் பென்சிலைச் செங்குத்தாக வைப்பது. 1970-களில் ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர் வகுத்த இலக்கணம் அது. மூக்கு மடலும் கண்ணின் உள்முனையும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கும் என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. நம்மில் பலருக்கு அப்படி இல்லை. இவளுக்கு மூக்கின் அகலம் 165 பிக்சல், அதாவது 37 மி.மீ.; இரு கண்களின் உள்முனைகளுக்கு இடையே 142 பிக்சல், 32 மி.மீ. மூக்கை நம்பினால் பக்கத்துக்கு இரண்டரை மி.மீ. புருவம் அதிகமாகப் போகும். புருவங்களின் நடுவே 37 மி.மீ. வெட்டவெளி விழுந்தால், அகலமான மூக்கு இன்னும் அகலமாகவே தெரியும். எனவே தொடக்கத்துக்குக் கண்ணின் உள்முனைதான் எல்லை. முன்முடிகள் மென்மையாக முடியட்டும் என்று நான் அதிலும் ஒரு மி.மீ. உள்ளே விட்டேன்.

வால் முடியும் இடத்துக்கு மட்டும் பழைய விதி ஓடும். மூக்கு மடலிலிருந்து கண்ணின் வெளிமுனை வழியாகச் சாய்வுக்கோடு இழுத்தால், அது முகத்தின் நடுக்கோட்டிலிருந்து 55 மி.மீ.யில் புருவத்தைத் தொட்டது. மூக்கு 32 மி.மீ. ஆக இருந்திருந்தாலும் 56-ல்தான் தொட்டிருக்கும். ஒரே ஒரு மி.மீ. வித்தியாசம், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

தடிமனைக் கண் திறப்போடு ஒப்பிட்டேன். இவள் கண் 10 மி.மீ. திறக்கிறது, வளைவின் உச்சியில் புருவமும் 10 மி.மீ. கண்ணும் புருவமும் சம உயரமாக இருந்தால் கண் சிறுத்துத் தெரியும். உச்சியில் கண் திறப்பின் மூன்றில் இரண்டு பங்கு போதும் என்பது என் கணிப்பு. முழுவதையும் கீழ்விளிம்பிலிருந்தே எடுக்க வேண்டும். மேல்விளிம்பைத் தொட்டால் வளைவு தாழ்ந்துவிடும்.

கணக்கு இப்படி முடிந்தது (மி.மீ.):

| அளவு | இருந்தது | வேண்டியது |
|---|---|---|
| புருவங்களின் இடைவெளி | 24 | 30 |
| முன்பகுதித் தடிமன் | 11 | 10 |
| உச்சியில் தடிமன் | 10 | 7 |
| கீழ்விளிம்பு உச்சிவரை ஏறும் உயரம் | 3 | 5 |
| நடுக்கோட்டிலிருந்து வால் முனை | 51 | 55 |

முன்னால் கீழே 1, உச்சியில் கீழே 3 எடுத்ததால் கீழ்விளிம்பின் ஏற்றம் 2 கூடியது. உருண்டை முகத்துக்கு வேண்டிய உயரம் அந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. உச்சி, கருவிழியின் வெளி ஓரத்துக்கும் கண்ணின் வெளிமுனைக்கும் நடுவில் நிற்கிறது. வாலில் குறையும் 4 மி.மீ.யை நூலால் கொண்டுவர முடியாது. அது பென்சில் வேலை. இரு புருவத்திலும் வெளி மூன்றில் ஒரு பங்கு தானாகவே உதிர்ந்திருந்தால் தைராய்டு சோதனை செய்துகொள்வது நல்லது. இவளுக்கு அது பழைய த்ரெட்டிங்கில் போனது.

செலவையும் பார்ப்போம். ஒரு தடவைக்கு 50 ரூபாய், மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 17 தடவை, 850 ரூபாய். தவறாக எடுத்த முடிக்கு வேறு விலை. புருவ முடி நாளுக்குச் சுமார் 0.15 மி.மீ. வளரும், 10 மி.மீ. நீளத்தை எட்ட 67 நாள். வேர் ஓய்விலிருந்து விழிக்கும் காலத்தையும் சேர்த்தால் மூன்று நான்கு மாதம் ஆகும். திரும்பத் திரும்பப் பிடுங்கிய இடத்தில் சில முடி வராமலே போகலாம்.

"அக்கா, ஒரே தடவையில முடிச்சிடலாமே" என்றாள் பார்லர் பெண். வேண்டாம் என்றேன். உச்சியில் 3-க்குப் பதில் ஒன்றரை, நடுவில் பக்கத்துக்கு ஒன்றரை மட்டும் எடுத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து அதே ஒன்றரை மீட்டரில் மறுபடி படம் எடுத்து அளந்த பிறகு மிச்சத்தை எடுக்கச் சொன்னேன். கூடுதல் செலவு 50 ரூபாய்.