எந்த நிலையிலும் இல்லாத இயந்திரம்

பாக்கெட்டில் பால் நிரப்பும் சிறிய இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பச்சைப் பொத்தானை அழுத்தினால் வால்வு திறந்து பால் நிரம்பும். பிறகு பாக்கெட்டின் வாய் சூட்டில் ஒட்டப்படும். அடுத்து அது வெளியே தள்ளப்பட, இயந்திரம் மறுபடி பொத்தானுக்காகக் காத்திருக்கும். நாள் முழுக்க ஒழுங்காக ஓடிய இயந்திரம் திடீரென ஒருமுறை அசையாமல் நின்றுவிடுகிறது. வால்வு திறக்கவில்லை, பழுது விளக்கும் எரியவில்லை. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. பொத்தானை மாற்றிப் பார்ப்பார்கள், ஒயரை மாற்றிப் பார்ப்பார்கள், பவர் சப்ளையையும் மாற்றிப் பார்ப்பார்கள். மறுநாளும் அதே கதைதான்.

இப்படிப்பட்ட இயந்திரங்களில் பலவற்றை இன்று எஃப்.பி.ஜி.ஏ. என்ற சிப் இயக்குகிறது. தொழிற்சாலையிலிருந்து வெற்றாக வரும் இந்தச் சிப்புக்குள் நமக்கு வேண்டிய மின்சுற்றை நாமே எழுதி ஏற்றலாம். ‘இப்போது காத்திருக்கிறேன்’, ‘இப்போது நிரப்புகிறேன்’ என்று தான் இருக்கும் கட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த கட்டத்துக்கு நகரும் சுற்றுக்கு ஸ்டேட் மெஷின் என்று பெயர். நம் இயந்திரத்துக்கு ஐந்து நிலைகள்: காத்திருத்தல், நிரப்புதல், ஒட்டுதல், தள்ளுதல், இவற்றோடு பழுது. எந்த நிலை என்பதைச் சிப்புக்குள் இருக்கும் ஃபிளிப்-ஃபிளாப்கள் நினைவில் வைக்கின்றன. ஒவ்வொன்றும் 0 அல்லது 1 என்ற ஒரே ஒரு பிட்டை வைத்திருக்கும். கிளாக் துடிக்கும்போது மட்டுமே அது மாறும்.

ஐந்து நிலைகளை பிட்டுகளில் எழுத இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று பைனரி. காத்திருத்தல் 000, நிரப்புதல் 001, ஒட்டுதல் 010, தள்ளுதல் 011, பழுது 100 என்று மூன்று பிட்டுகளில் முடித்துவிடலாம். இன்னொன்று ஒன்-ஹாட். இதில் நிலைக்கு ஒரு ஃபிளிப்-ஃபிளாப் வீதம் ஐந்து இருக்கும். வரிசையாக மாட்டிய ஐந்து விளக்குகளில் எப்போதும் ஒன்று மட்டும் எரிவதுபோல, எந்த நேரத்திலும் ஒரே ஒரு பிட்தான் 1 ஆக இருக்கும்.

மூன்று போதும் என்னும்போது ஐந்தைச் செலவழிப்பது வீண் என்று தோன்றலாம். எஃப்.பி.ஜி.ஏ.வில் அது வீண் இல்லை. அதன் அடிப்படைக் கட்டைகளில் சிறு தர்க்க அட்டவணைகளும் ஃபிளிப்-ஃபிளாப்களும் சேர்ந்தே வருகின்றன. சிறிய சிப்பான XC7A35T-இல்கூட 20,800 அட்டவணைகளும் 41,600 ஃபிளிப்-ஃபிளாப்களும் இருக்கின்றன. பைனரியில் ‘நான் நிரப்பும் நிலையில் இருக்கிறேனா’ என்று அறிய மூன்று பிட்டுகளையும் பார்த்தாக வேண்டும். ஒன்-ஹாட்டில் ஒரே பிட்டைப் பார்த்தால் போதும். பார்க்க வேண்டியது குறைந்தால் இடையில் வரும் தர்க்கம் சுருங்கும், சுற்று வேகமாக ஓடும். அதனால்தான் நீங்கள் 000, 001 என்று எழுதிக் கொடுத்தாலும், சிந்தசிஸ் மென்பொருள் பல சமயம் அதைத் தானாகவே ஒன்-ஹாட்டாக மாற்றிக்கொள்கிறது.

இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. மூன்று பிட்டுகளில் 8 சேர்க்கைகள் வரும். அவற்றில் ஐந்தைப் பயன்படுத்தினால் அர்த்தமில்லாதவை 3. ஐந்து பிட்டுகளில் வருவது 32 சேர்க்கைகள், அவற்றில் அர்த்தமில்லாதவை 27. இவையே சட்டவிரோத நிலைகள். இயந்திரம் இவற்றில் ஒன்றுக்குள் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை வடிவமைப்பாளர் சொல்லியிருக்கமாட்டார்.

எப்படி விழுகிறது? விண்வெளியிலிருந்து வரும் கதிர்களின் விளைவாகத் தரைக்கு வந்து சேரும் நியூட்ரான்கள் ஒரு பிட்டைப் புரட்டிப் போடுவது உண்டு. விமானம் பறக்கும் உயரத்தில் அது அதிகம், தரையில் அபூர்வம். பால் பாக்கெட் இயந்திரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தப் பச்சைப் பொத்தானைத்தான்.

மனிதர் பொத்தானை அழுத்தும் நேரத்துக்கும் சிப்பின் கிளாக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பொத்தானின் சிக்னல் ஒன்-ஹாட் சுற்றில் இரண்டு இடங்களுக்குப் போகிறது. ‘காத்திருத்தல்’ பிட் அதைப் பார்த்து அணைய வேண்டும். ‘நிரப்புதல்’ பிட் அதே சிக்னலைப் பார்த்து எரிய வேண்டும். இரண்டுக்கும் போகும் பாதைகளின் நீளம் ஒன்றாக இருக்காது. ஒரு பாதை மற்றதைவிட 0.2 நானோ விநாடி தாமதம் என்று வைத்துக்கொள்வோம். கிளாக் 50 மெகா ஹெர்ட்ஸ் என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையே 20 நானோ விநாடி. பொத்தான் மாறும் கணம் அந்த 0.2 இடைவெளிக்குள் விழுந்தால், ஒரு பிட் புதிய செய்தியையும் மற்றது பழைய செய்தியையும் பார்க்கும். நூறு அழுத்தலில் சராசரியாக ஒருமுறை இது நடக்கும். நாளைக்கு நூறு முறை அழுத்தும் இடத்தில் தினமும் ஒரு தடவை.

இதன் பலன் எந்தப் பாதை நீளம் என்பதைப் பொறுத்தது. ‘காத்திருத்தல்’ பாதை நீளமாக இருந்தால் அது அணையாமல் நிற்க, ‘நிரப்புதல்’ எரிந்துவிடும். ஒரு துடிப்புக்கு இரண்டு பிட்டும் 1. அடுத்த துடிப்பில் ‘காத்திருத்தல்’ தாமதமாக அணைந்து எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் தெரியாது. மாறாக ‘நிரப்புதல்’ பாதை நீளமாக இருந்தால், ‘காத்திருத்தல்’ அணைந்துவிடும், ‘நிரப்புதல்’ எரியாது. இப்போது நிலை 00000. ஒன்-ஹாட்டில் ஒரு பிட் எரிய வேண்டுமானால் முந்தைய பிட் எரிந்துகொண்டிருக்க வேண்டும். எதுவுமே எரியாதபோது அடுத்தது எரிய வழியே இல்லை. எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் 00000 அப்படியே இருக்கும். மின்சாரத்தை நிறுத்திப் போட்டால்தான் ‘காத்திருத்தல்’ மறுபடி எரியும்.

இந்தப் பிழையைத் தேடுவது ஏன் கடினம் என்பதற்கும் இதுவே காரணம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை விளக்கை இணைத்து மறுபடி கம்பைல் செய்தால், மென்பொருள் ஒயர்களை வேறு விதமாக ஓட்டும். நீளமான பாதை குட்டையாகிவிடலாம். பிழை காணாமல் போகும். வேறு ஏதோ மாற்றத்துக்காக இன்னொரு முறை கம்பைல் செய்தால் திரும்பி வரும். ஒரு பதிப்பில் வந்து இன்னொரு பதிப்பில் மறையும், ரீசெட் கொடுத்தால் சரியாகும் கோளாறு என்றால், முதலில் கிளாக்கோடு இணங்காத சிக்னல் ஏதாவது நேரடியாக ஸ்டேட் மெஷினுக்குள் நுழைகிறதா என்று பாருங்கள்.

நம் பைனரி எழுத்தில் 000-இலிருந்து 001-க்குப் போகும்போது ஒரே பிட்தான் மாறுகிறது. எனவே இந்தப் பொத்தானால் அங்கே தொல்லை இல்லை. அதற்காக பைனரி பத்திரமானது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நிரப்பும் நிலை 001-இல் நடு பிட் புரண்டால் 011 ஆகும். அது தள்ளும் நிலை, சட்டப்படி சரியான நிலை. வாய் ஒட்டாத பாக்கெட் வெளியே தள்ளப்பட்டு, பால் தரையில் ஓடும். தவறு நடந்தது என்று சுற்றுக்குத் தெரியவே தெரியாது. ஒன்-ஹாட்டில் எந்த ஒரு பிட் புரண்டாலும் வருவது சட்டவிரோத நிலைதான். அதாவது தவறு ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறது, பார்ப்பதற்கு ஒரு காவல் மட்டும் வேண்டும்.

அந்தக் காவலை வைத்துவிட்டதாகவே பலர் நம்புகிறார்கள். நிரலின் கடைசியில் `default` என்று ஒரு வரி சேர்த்து, ‘வேறு எந்த நிலையானாலும் காத்திருத்தலுக்குப் போ’ என்று எழுதுவார்கள். சிந்தசிஸ் மென்பொருளோ நிலைகளின் வரைபடத்தை அலசி, அந்த ஐந்தைத் தவிர வேறு எதற்கும் வழி இல்லை என்று கண்டு, தேவையற்றது என அந்த வரியை நீக்கிவிடுவது வழக்கம். ஃபிளிப்-ஃபிளாப்கள் ஒழுங்காக நடக்கும் உலகத்தில் அதன் கணக்கு சரியே. எழுதிய நிரலை அப்படியே சிமுலேஷனில் ஓட்டினால் `default` வேலை செய்யும், ஆனால் சிப்புக்குள் அது இருக்காது.

காவலை நிலைநிறுத்த ஒரு எளிய வழி உண்டு. ஒரே பிட் 1 ஆக இருக்கும்வரை 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படை. எதுவும் எரியாவிட்டாலும் இரண்டு எரிந்தாலும் இரட்டைப்படை. ஐந்து பிட்டுகளையும் ஒற்றை-இரட்டை பார்க்கும் வேலை, ஆறு உள்ளீடு கொண்ட ஒரே தர்க்க அட்டவணைக்குள் அடங்கிவிடும்.

```verilog
(* fsm_encoding = "none" *) reg [4:0] state;
wire bad = ~^state;

always @(posedge clk)
  if (rst)      state <= 5'b00001;
  else if (bad) state <= 5'b10000;
  else          state <= next;
```

முதல் வரியில் இருக்கும் `fsm_encoding = "none"` என்பது, இந்தப் பதிவை ஸ்டேட் மெஷினாக எடுத்துக்கொண்டு மாற்றியமைக்காதே என்று விவாடோ மென்பொருளுக்குச் சொல்வது. நீங்களே எழுத விரும்பாவிட்டால் `fsm_safe_state` என்ற குறிப்பைக் கொடுக்கலாம். அதற்கு `default_state` என்று மதிப்பு கொடுத்தால், நீங்கள் எழுதிய `default` வரி நீக்கப்படாமல் காப்பாற்றப்படும்.

இந்தக் காவலுக்கு எல்லையும் உண்டு. 27 சட்டவிரோத நிலைகளில் 16-ஐத்தான் ஒற்றை-இரட்டைச் சோதனை பிடிக்கும். மூன்று பிட்டுகளோ ஐந்துமோ எரிந்தால் தப்பிவிடும். ஆனால் சரியான நிலையிலிருந்து அங்கே போக ஒரே நேரத்தில் இரண்டு பிட்டுகளாவது புரள வேண்டும். மேலும் பெரும்பாலான எஃப்.பி.ஜி.ஏ.க்களில் சுற்றின் வரைபடமே மாறக்கூடிய நினைவகத்தில்தான் இருக்கிறது. அந்த நினைவகத்தில் ஒரு பிட் புரண்டால் தர்க்கமே பிசகும். அதற்கு இந்தக் காவல் உதவாது.

பிடித்த பிறகு எங்கே அனுப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். மேலே உள்ள நிரல் ‘காத்திருத்தல்’ நிலைக்கு அனுப்பாமல் பழுது நிலைக்கு அனுப்புகிறது. வால்வை மூடி, சூட்டை அணைத்து, விளக்கை எரியவிட்டு, ஆள் வந்து ரீசெட் கொடுக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். பாதி நிரம்பிய பாக்கெட் உள்ளே இருக்கும்போது எதுவுமே நடக்காததுபோல முதலிலிருந்து தொடங்கினால், அடுத்த அழுத்தலில் பால் வழியும். சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளும் இயந்திரம் தன் நோயையும் சத்தமில்லாமல் மறைத்துவிடும்.

மீட்பது எப்படியும் இரண்டாவது வேலைதான். பொத்தானின் சிக்னலை அடுத்தடுத்து இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்கள் வழியாக உள்ளே கொண்டுவருவதே முதல் வேலை. அதை ஒரே ஓர் இடத்தில் செய்து, அங்கிருந்து மட்டுமே எல்லா பிட்டுகளுக்கும் பிரித்துத் தர வேண்டும். இரண்டு இடங்களில் தனித்தனியாகச் செய்தால் பழைய சண்டை அப்படியே திரும்பி வரும். இதற்கு ஆகும் தாமதம் சுமார் 40 நானோ விநாடி, அழுத்தும் விரலுக்கு அது தெரியவே தெரியாது. ரீசெட் சிக்னலை விடுவிப்பதையும் இதேபோல கிளாக்கோடு இணக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பிட் முன்னால் விடுபட்டு மற்றது பின்தங்கி, தொடக்கத்திலேயே 00000-இல் போய் நிற்கலாம்.

எந்தக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்தாலும், சிந்தசிஸ் முடிந்த பிறகு கிடைக்கும் சுற்றை எடுத்து, சிமுலேஷனில் `force` கட்டளையால் `state`-ஐ 00000 ஆக்கி, ஒரு துடிப்பு கடந்ததும் `release` கொடுத்துப் பாருங்கள். அடுத்த துடிப்பில் பழுது நிலைக்கு வந்தால் உங்கள் காவல் உண்மையிலேயே சிப்புக்குள் இருக்கிறது. வராவிட்டால் அது நீங்கள் எழுதிய நிரலில் மட்டுமே இருக்கிறது. அந்தச் சோதனையைச் செய்யாமல் இயந்திரத்தை ஆலைக்கு அனுப்பாதீர்கள்.