நான்கு பைட் ஏன் காலியாகப் போகிறது?

4000 பைட் அளவுள்ள ஓர் ஐபி பொட்டலம், ஒரே தடவையில் 1400 பைட்டுக்கு மேல் ஏற்காத பாதைக்கு வருகிறது. அந்த உச்ச வரம்புதான் எம்டியு. ரவுட்டர் பொட்டலத்தைத் துண்டாக்க வேண்டும்.

பொட்டலத்தின் முதல் 20 பைட் முகவரித் தலைப்பு. மீதி 3980 பைட்தான் சரக்கு. ஒவ்வொரு துண்டுக்கும் தனித் தலைப்பு தேவை என்பதால் சரக்குக்கு 1380 பைட் இடமுண்டு. ஆனாலும் 1376 மட்டுமே ஏற்றப்படும்.

காரணம் ஆஃப்செட். துண்டு மூலப் பொட்டலத்தில் எங்கிருந்து தொடங்குகிறது என்பதைச் சொல்லும் எண் அது. பொட்டலத்தின் நீளத்தை எழுத 16 பிட் உண்டு. ஆஃப்செட்டுக்குக் கிடைத்ததோ 13 பிட். குறையும் மூன்று பிட்டை ஈடுகட்ட, எட்டு பைட்டை ஓர் அலகாக எண்ணுகிறார்கள். அதனால் கடைசித் துண்டைத் தவிர மற்றவற்றின் சரக்கு எட்டால் மீதியின்றி வகுபட வேண்டும். 1380 வகுபடாது, 1376 வகுபடும். மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

முதல் இரண்டு துண்டுகளிலும் 1376 பைட், மூன்றாவதில் மிச்சமுள்ள 1228. ஆஃப்செட் முறையே 0, 172, 344. முதல் இரண்டிலும் 'இன்னும் துண்டுகள் உண்டு' என்ற கொடி 1; கடைசியில் 0. சேருமிடம் 344-ஐ எட்டால் பெருக்கி, 1228-ஐக் கூட்டினால் 3980. முழுச் சரக்கின் அளவு அங்கே தெரிந்துவிடுகிறது.

நடுத்துண்டு தொலைந்தால் அதை மட்டும் திரும்பக் கேட்க ஐபியில் வழியில்லை. சேருமிடம் சிறிது நேரம் காத்திருந்து, வந்த இரண்டையும் வீசிவிடும். சிறிய பிங் ஒழுங்காகப் போய், பெரியது மட்டும் பதிலின்றி நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.