நொடிக்கணக்கு சொல்லாததை நீச்சல் தடம் சொல்லும்

எலியின் இட நினைவை அளக்க ஆய்வுக்கூடங்களில் பரவலாகப் பயன்படுவது மாரிஸ் நீர்த்தொட்டிச் சோதனை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் மாரிஸ் 1981இல் இதை வெளியிட்டார். வட்டமான பெரிய தொட்டி ஒன்றில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, உள்ளிருப்பது தெரியாதபடி பால் அல்லது வெள்ளைச் சாயம் கலந்துவிடுவார்கள். நீர்மட்டத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே, எலி ஏறி நிற்கும் அளவுக்குச் சிறு மேடை இருக்கும். எலிக்கு நன்றாக நீந்தத் தெரியும். ஆனால் நீரில் இருப்பது பிடிக்காது. அதனால் உணவு, பட்டினி எதுவுமின்றியே மேடையைத் தேடத் தொடங்கிவிடுகிறது.

மேடையைப் பார்க்க முடியாது, மோப்பம் பிடிக்கவும் வழியில்லை. அறைச்சுவரில் உள்ள படங்கள், கதவு, அலமாரி போன்ற நிலையான அடையாளங்களை வைத்துத்தான் அதன் இடத்தைக் கணிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தொட்டியின் வேறு விளிம்பிலிருந்து எலியை விடுவதால், ‘இடப்பக்கம் திரும்பினால் மேடை’ என்று உடலசைவை மட்டும் மனப்பாடம் செய்தும் பயனில்லை. ஒரு நாளைக்கு நான்கு நீச்சல், ஐந்தாறு நாள் பயிற்சி என்பது வழக்கமான ஏற்பாடு. அறுபது நொடிக்குள் (சில கூடங்களில் அதற்கும் மேல்) கண்டுபிடிக்காத எலியை ஆய்வாளரே மேடைக்கு அழைத்துச் சென்று, சற்று நேரம் அங்கிருந்து சுற்றிலும் பார்க்க விடுவார்.

நீரில் விட்டதிலிருந்து மேடை ஏறும்வரை ஆகும் நேரத்தைத் தப்பும் நேரம் எனலாம். முதல் நாள் ஒரு நிமிடத்தை நெருங்கும் இது, நல்ல நினைவுள்ள எலியில் சில நாட்களில் பத்து நொடிக்கும் கீழே இறங்கிவிடும். வரைபடத்தில் அழகாகச் சரியும் அந்தக் கோட்டைப் பார்த்து ‘எலி கற்றுக்கொண்டது’ என்று சொல்லிவிடத் தோன்றும். கற்றுக்கொண்டது உண்மைதான். எதைக் கற்றுக்கொண்டது என்பதைக் கோடு சொல்வதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுண்டெலிக்கான தொட்டியின் விட்டம் 120 சென்டிமீட்டர் என்றும், சுவருக்கும் நடுப்புள்ளிக்கும் சரிபாதியில், அதாவது சுவரிலிருந்து 30 சென்டிமீட்டரில், மேடை இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். சுண்டெலி நொடிக்கு 20 சென்டிமீட்டர் நீந்துகிறது. மேடை இருக்குமிடத்தை உறுதியாக அறிந்த சுண்டெலி, நான்கு திசைகளிலிருந்து விட்டாலும் நேராகப் போய்ச் சேரும். சராசரித் தொலைவு சுமார் 64 சென்டிமீட்டர், நேரம் மூன்று நொடிக்குச் சற்று அதிகம். இன்னொரு சுண்டெலிக்கு மேடை எந்தத் திசையில் என்பது தெரியாது. சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது மட்டும் பிடிபட்டுவிட்டது. அது 30 சென்டிமீட்டர் உள்ளே வந்து, கோயில் பிரகாரத்தைச் சுற்றுவதுபோல அந்தத் தொலைவிலேயே வட்டமடிக்கும். முழு வட்டம் சுமார் 188 சென்டிமீட்டர். சராசரியாகப் பாதி வட்டத்துக்குள் மேடை தட்டுப்படும் என்பதால், மொத்தம் ஆறு நொடி ஆகும்.

அறுபது நொடியில் தொடங்கிய வரைபடத்தில் மூன்றுக்கும் ஆறுக்கும் உள்ள இடைவெளி கண்ணில் படாது. மெதுவாக நீந்தும் எலியை ஒரு பக்கமும் வேகமான எலியை மறுபக்கமும் வைத்தால், அந்தச் சிறு வித்தியாசமும் மறைந்துவிடும். ஆனால் ஒன்றுக்கு இடம் தெரியும், மற்றதற்குத் தெரியாது.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது மேடையை எடுத்துவிட்டு நடத்தும் சோதனை. பயிற்சி முடிந்தபின் மேடையில்லாத நீரில் எலியை ஒரு நிமிடம் நீந்த விடுவார்கள். தொட்டியை மனக்கோட்டால் நான்காகப் பிரித்தால், எதுவும் தெரியாத எலி ஒவ்வொரு கால்பகுதியிலும் ஏறக்குறைய 25 விழுக்காடு நேரம் இருக்கும். வட்டமடிக்கும் சுண்டெலியும் அப்படித்தான். இடம் தெரிந்த எலியோ மேடை இருந்த கால்பகுதிக்கே திரும்பத் திரும்ப வந்து தேடும். இதிலும் கவனம் வேண்டும்: புத்திசாலி எலி அரை நிமிடம் தேடிவிட்டு, ‘இங்கே இல்லை’ என்று வேறு பக்கம் போய்விடக்கூடும். முழு நிமிடத்தின் சராசரி அதைத் தண்டித்துவிடும். அதனால் பலர் முதல் பாதியைத் தனியாகப் பார்க்கிறார்கள்; மேடை இருந்த புள்ளியிலிருந்து எலி சராசரியாக எவ்வளவு தொலைவில் இருந்தது என்று அளப்பது இன்னும் நுட்பமான வழி.

மாரிஸ் 1982இல், ஜான் ஓகீஃப் உள்ளிட்டோருடன் சேர்ந்து, மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி சேதமான எலிகளைச் சோதித்தார். மறைந்த மேடையைக் கண்டுபிடிக்க அவை தடுமாறின. மேடையை எடுத்தபின் அதன் பழைய இடத்தில் கூடுதலாகத் தேடவும் இல்லை. நீருக்கு மேல் தெரியும் மேடையை வைத்தால் மற்ற எலிகளைப்போலவே போய் ஏறின. கண், கால், மேடை ஏறும் ஆசை எல்லாம் நலம், இட நினைவில்தான் குறை என்பதற்கு இந்த ஒப்பீடே ஆதாரம். இந்தச் சரிபார்ப்பைச் செய்யாத ஆய்வைச் சந்தேகத்தோடு படிப்பதே முறை. ஆய்வகச் சுண்டெலி வகைகள் சிலவற்றுக்குப் பரம்பரையாகவே விழித்திரை சிதைந்துவிடும்; பார்வையில்லாத எலியின் நீண்ட தப்பும் நேரம் மறதியாகப் பதிவாகிவிடக் கூடாது.

ஹவர்ட் ஐக்கன்பாம் குழுவினர் 1990இல் வெளியிட்ட சோதனை இன்னொரு கோணத்தைக் காட்டியது. எப்போதும் ஒரே இடத்திலிருந்து விட்டுப் பழக்கினால், ஹிப்போகாம்பஸின் ஃபார்னிக்ஸ் நரம்புக்கற்றை சேதமான எலிகளும் மேடையை அடையக் கற்றுக்கொண்டன. புதிய இடத்திலிருந்து விட்டபோது குழம்பிப்போயின. வழக்கமான பாதை அவற்றுக்குத் தெரியும்; இடம் தெரியாது.

இன்று தொட்டிக்கு மேலுள்ள கேமரா நீச்சல் தடத்தை முழுதாகப் பதிவு செய்கிறது. தடங்களை வகை பிரித்தால் ஒரு வரிசை கிடைக்கிறது: சுவரை ஒட்டியே சுற்றுதல், கண்டபடி அலைதல், நடுப்பகுதியைத் துழாவுதல், வட்டமடித்தல், மேடையை நோக்கிப் போய் வழியில் திருத்திக்கொள்ளுதல், நேராகப் போதல். நல்ல எலி நாளுக்கு நாள் இந்த வரிசையின் பின்பகுதிக்கு நகரும். சுவரை விட்டு விலகாத எலியிடம் இருப்பது பெரும்பாலும் பயம். அசையாமல் மிதக்கும் சுண்டெலி முயற்சியைக் கைவிட்டிருக்கலாம், அல்லது குளிரில் சோர்ந்திருக்கலாம். நொடிக்கணக்கில் இந்த இரண்டும் மறதியாகவே தெரியும். ஜெர்மனியில் கெர்ட் கெம்பர்மன் குழுவினர் 2009இல், ஹிப்போகாம்பஸில் புது நரம்புச் செல்கள் பிறப்பதை மருந்தால் தடுத்த சுண்டெலிகளில், துல்லியமான தேடல் வகைகள் குறைவதைக் கண்டனர். மேடையை வேறிடத்துக்கு மாற்றியபோதும் அவை சிரமப்பட்டன.

நீரில்லாத சோதனைகளிலும் இதே சிக்கல் உண்டு. கரோல் பார்ன்ஸ் 1979இல் பயன்படுத்திய வட்டமேசையின் விளிம்பில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒன்றின் அடியில் மட்டும் இருட்டான ஒளிவிடம். அங்கே ஒவ்வொரு துளையாக வரிசையில் பார்த்துக்கொண்டே போகும் எலியும் சீக்கிரம் வந்துசேரும். சரியான துளையை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் மேசையில் உலாவும் சுண்டெலிகளும் உண்டு என்பதால், துளையை முதலில் தொட்ட நேரம் தனியாகக் குறிக்கப்படுகிறது. டேவிட் ஓல்டன் 1976இல் அறிமுகப்படுத்திய எட்டுக் கைப் பாதையில் நேரம் முக்கியமே இல்லை. ஏற்கெனவே இரை தின்ற கைக்கு மீண்டும் போனால் அது ஒரு பிழை. அங்கும் அடுத்தடுத்த கைகளுக்கு வரிசையாகச் செல்லும் எலி, எந்த இடத்தையும் நினைவில் வைக்காமலே பிழையின்றி முடித்துவிடும். எனவே எலி வெளிவந்ததும் நடுவட்டத்தின் கதவுகளைச் சில நொடிகள் மூடிவைத்து, அந்த வரிசையைக் கலைக்கிறார்கள்.