அச்சில் மாறிய தொலைபேசி எண்

ஒருவர் கைதவறி நம் எண்ணை அழுத்திவிட்டால், "எண் மாறிவிட்டது, ஐயா" என்று சொன்னால் போதும். அடுத்த முறை சரியாக அழுத்திவிடுவார். ஆனால், ஒரு கடை தன் ரசீதில் நம் எண்ணைத் தவறுதலாக அச்சிட்டுவிட்டால் நிலைமையே வேறு. அழைப்பவர் காகிதத்தில் உள்ளதைச் சரியாகவே அழுத்துகிறார். நாம் மறுத்தால் மீண்டும் காகிதத்தைப் பார்க்கிறார். மீண்டும் நம்மிடமே வந்து சேருகிறார்.

இது எனக்கே நேர்ந்தது. தோட்டத்துப் பெரியவர் ஒருவர் ஒரே மாலையில் ஆறு முறை அழைத்தார். மகள் கல்யாணத்திற்குக் கட்டிலும் அலமாரியும் வாங்க, ஒரு கடையில் 300 வெள்ளி முன்பணம் கட்டியிருக்கிறார். சாமான் வந்து சேரவில்லை. "இது கடை இல்லை" என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம்தான் வளர்ந்தது. "பணத்தை வாங்கிக்கொண்டு இப்போது கடையே இல்லை என்கிறாயா, தம்பி?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மறுப்பதால் பயனில்லை, தவறு எங்கே இருக்கிறது என்பதை அவரே காணவேண்டும். "ஐயா, ரசீதில் உள்ள எண்ணை ஒவ்வொன்றாகப் படியுங்கள்" என்றேன். படித்தார். என் எண்தான். "அந்தக் கடையின் வேறு காகிதம், பை ஏதாவது வீட்டில் இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் மகள் கடைப் பையை எடுத்துவந்து பார்த்தாள். பையில் கடைசி இரண்டு இலக்கங்கள் 46, ரசீதிலோ 64. பெரியவரின் குரல் உடனே தணிந்தது. பையில் இருந்த எண்ணை அழைத்தார், கடைக்காரர் கிடைத்தார்.

மறுநாள் காலையில் மீண்டும் அவரிடமிருந்தே அழைப்பு! கடையின் பெயரில் என் எண்ணைக் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருந்தார். மகளைக் கொண்டு அதை அழிக்கச் சொன்ன பிறகே அழைப்பு நின்றது. பையும் இல்லாத வீடானால், கடையின் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணைப் பார்க்கச் சொல்லலாம். ரசீதில் முகவரி இருக்கும்.

பெரியவர் ஒருவரோடு இது முடிவதில்லை. அதே ரசீது எத்தனை வீடுகளில் இருக்கிறதோ! ஆகவே நான் கடைக்கு நேரில் சென்று, நடந்ததை ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றில் கையெழுத்தும் பெற்றேன். மூன்று காரியங்களைக் கேட்டேன். மீதமுள்ள ரசீதுப் புத்தகங்களில் தவறான எண்ணை அடித்து, சரியான எண்ணை முத்திரையாகக் குத்தவேண்டும். முன்பணம் கட்டியவர்களைக் கடையே அழைத்துச் சொல்லவேண்டும். அச்சகத்தில் இருக்கும் மூலப்படியையும் திருத்தவேண்டும். மூன்றாவதை மறந்தால், அடுத்த முறை அச்சடிக்கும்போது அதே தவறு திரும்பி வரும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பான செய்தி ஒன்று உண்டு. 2024ஆம் ஆண்டு வெளியான 'அமரன்' திரைப்படத்தில், கதாநாயகியின் எண்ணாகக் காட்டப்பட்டது சென்னை மாணவர் ஒருவரின் எண். அவருக்கு அழைப்புகள் வந்து குவிந்தன. விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. படத்தயாரிப்பாளர்கள் அந்தக் காட்சியிலிருந்து எண்ணை நீக்கினார்கள். படத்தில் அழித்தால் பார்ப்போர் எல்லாருக்கும் மறைந்துவிடும். வீடுகளில் இருக்கும் ரசீதை அப்படி அழிக்க முடியாது. ஆகையால், கடை திருத்திய பிறகும் சில காலம் அழைப்புகள் வரத்தான் செய்யும்.

அந்நாட்களில் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. இரக்கப்பட்டு, "நான் கடையில் சொல்லிவிடுகிறேன்" என்று ஆர்டரையோ பணத்தையோ ஏற்காதீர்கள். பின்னர் சாமான் வராவிட்டால் பழி உங்கள்மேல் விழும். "தவறான எண்ணுக்கு நஷ்டஈடு தருகிறோம்" என்று யாராவது வங்கி விவரமோ தாக் எண்ணோ கேட்டால், கொடுக்காமல் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

உண்மையைச் சொன்ன பிறகும் ஒருவர் வேண்டுமென்றே அழைத்து ஏசினால் என்ன செய்வது? 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 233ஆம் பிரிவின்படி, பிறரைத் தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு திரும்பத் திரும்ப அழைப்பது குற்றம். 'நோக்கம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ரசீதை நம்பி அழைத்த பெரியவருக்கு அந்த நோக்கம் இல்லை. விவரம் தெரிந்தும் தொல்லை கொடுப்பவருக்கே அது பொருந்தும். எனவே நீங்கள் விளக்கிச் சொன்ன நாளையும், அதன்பின் வந்த ஒவ்வொரு அழைப்பின் தேதி, நேரம், எண் ஆகியவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்த எண்ணிலிருந்து வரும் அழைப்பைத் தடுத்துவிட்டு, நோட்டோடு போலீஸ் நிலையத்திற்குச் செல்லுங்கள்.

அந்தப் பெரியவர் வீட்டுக்குக் கட்டிலும் அலமாரியும் கல்யாணத்திற்கு நான்கு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்தன. அதைச் சொல்வதற்காக அவர் என்னை இன்னொரு முறை அழைத்தார். அந்த அழைப்பு மட்டும் எண் மாறி வந்ததல்ல.