நெறிமுறைக் குழுவுக்கு ஒரு முகப்புக் கடிதம்

மனிதர்களிடம் மருத்துவ ஆய்வு நடத்த நினைப்பவர், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெற வேண்டும். ஆய்வுத் திட்டம், தகவல் தாள், ஒப்புதல் படிவம் எல்லாம் ஒரே கட்டாகக் குழுவுக்குப் போகும். அந்தக் கட்டின் மேல் இருப்பது முகப்புக் கடிதம். இந்தியாவில் இக்குழுவில் மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவரும், மருத்துவம் சாராத பொதுநபரும் இடம்பெறுகிறார்கள். அந்தப் பொதுநபருக்கும் விளங்கும்படி எழுத வேண்டும் என்பதே இதில் கடினம்.

ஓர் எடுத்துக்காட்டு: லேசான இரத்தசோகை உள்ள, கர்ப்பமாக இல்லாத 40 பெண்கள். பாதிப் பேருக்கு இரும்புச்சத்து மாத்திரை தினமும். மற்றவர்களுக்கு அதே மாத்திரை ஒன்றுவிட்டு ஒருநாள். மொத்தம் எட்டு வாரம். மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, ஏறக்குறைய ஒரு நாள் வரை குடல் இரும்பை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. இடைவெளி விட்டுக் கொடுத்தால் பலன் குறையாமல் வயிற்றுத் தொல்லை குறையுமா என்பதுதான் கேள்வி. கடிதத்தின் முதல் பத்திக்கு இது போதும்.

அடுத்தது ஆபத்து. ‘இந்த ஆய்வில் ஆபத்து ஏதுமில்லை’ என்று எழுதினால் குழுவுக்கு நம்பிக்கை வராது. இரண்டு முறை, தலா 3 மி.லி. இரத்தம் எடுக்கப்படும், அது அரை டீஸ்பூனுக்குச் சற்று அதிகம். ஊசி குத்திய இடம் கன்றிப்போகலாம். மாத்திரையால் மலச்சிக்கல், குமட்டல் வரலாம், மலம் கறுக்கலாம். இவற்றை எல்லோரும் எழுதிவிடுவார்கள். பலர் விட்டுவிடுவது வேறொன்று: ஒன்றுவிட்டு ஒருநாள் மாத்திரை பெறும் பெண்ணுக்கு மொத்தத்தில் பாதி மருந்தே போகிறது, இரத்தசோகை மெதுவாகத் தேறலாம். நல்ல கடிதம் இதை மறைக்காது. நான்காம் வாரப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் அவர் ஆய்விலிருந்து விலக்கப்பட்டு வழக்கமான சிகிச்சைக்கு மாற்றப்படுவார் என்று தீர்வையும் சேர்த்தே சொல்லும்.

ஒப்புதல் பற்றிய பத்தியில் குழு தேடுவது ‘எழுத்துபூர்வ ஒப்புதல் பெறப்படும்’ என்ற ஒற்றை வரியை அல்ல. யார், எங்கே, எந்த மொழியில் கேட்பார் என்பதையே தேடும். சிகிச்சை தரும் மருத்துவரே ஆய்வுக்கும் அழைத்தால், ‘வேண்டாம்’ என்று சொல்ல நோயாளிக்கு வாய் வராது. ஆகவே சிகிச்சையில் பங்கில்லாத ஒரு செவிலியர் தனி அறையில் விளக்குவார், வீட்டில் கலந்து பேச ஒரு நாள் அவகாசம் உண்டு, மறுத்தாலும் மாத்திரையும் கவனிப்பும் வழக்கம்போல் கிடைக்கும் என்றெல்லாம் கடிதம் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை பெறும்போது, ஆய்வுக் குழுவைச் சாராத ஒரு சாட்சி விளக்கம் முழுவதும் உடனிருந்து கையெழுத்திட வேண்டும்.

கட்டு திரும்பி வருவதற்குச் சின்ன முரண்பாடும் காரணமாகலாம். கடிதத்தில் 3 மி.லி. இரத்தம், தமிழ்த் தகவல் தாளில் 5 மி.லி. என்றிருந்தால், எது உண்மை என்று குழு கேட்கும். பெரும்பாலும் திட்டத்தைத் திருத்தியபின் பழைய தகவல் தாளையே இணைத்துவிட்டதால் நேர்வது இது. அதனால்தான் இணைப்பு ஒவ்வொன்றின் பதிப்பு எண்ணும் தேதியும் கடிதத்தின் கடைசியில், முதன்மை ஆய்வாளரின் கையெழுத்துக்கு மேலே எழுதப்படுகின்றன.